மூவரில் முதல்

10, செவ்வாய்

இன்று தெரியவந்த தவறு சின்னதுதான். ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டேன். போடக் கூடாத கட்டம் அது. போட்டது போன வாரம். தவறு என்று தெரிந்தது இன்று மாலை வகுப்பில்.

கற்பிக்கும் மருத்துவர்களுக்கான இந்த மாலை வகுப்பில் சேர்ந்தபோது, தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். செய்தது, தவறியது, நாளை செய்ய வேண்டியது. மற்றவர்கள் ஒரே மூச்சில் வாரம் முழுவதையும் எழுதி ஒப்பேற்றுகிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. தினமும் எழுதுகிறேன். இன்று 'தவறியது' என்ற தலைப்பில்தான் எல்லாம் இருக்கிறது.

குழந்தைகள் வார்டில் நான் நிபுணர் மருத்துவராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எனக்காகப் பலர் பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நான் ஒருவருக்கு எழுதியது இதுவே முதல் தடவை. எங்கள் வார்டின் இளநிலை டாக்டர் ஒருத்தி குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நர்ஸ்கள் அவளுக்கு வைத்த பெயர் 'தராசு'. எந்தக் குழந்தைக்கும் தானே எடை பார்க்காமல் மருந்தின் அளவை எழுத மாட்டாள். அவள் நேரடியாக வேலை பார்த்தது என்னிடம்தான். அதனால் மூன்று கடிதங்களில் முக்கியமானது என்னுடையது. மற்ற இரண்டும் வந்துவிட்டன.

கடிதத்தோடு ஒரு படிவமும் உண்டு. எத்தனை மாதம் பழக்கம், எந்த முறையில் பழக்கம் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி: 'உங்களிடம் பணியாற்றிய இதே நிலை மருத்துவர்களோடு ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார்?' கீழே ஐந்து கட்டங்கள். மேல் ஐந்து சதவீதம். மேல் பத்து சதவீதம். மேல் மூன்றில் ஒரு பங்கு. நடு மூன்றில் ஒரு பங்கு. கீழ் மூன்றில் ஒரு பங்கு.

நான் யோசித்தேன். என்னிடம் இதுவரை வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். அவர்களில் தராசுதான் முதல். மூவரில் முதல் என்றால் மேல் மூன்றில் ஒரு பங்கு. டிக் போட்டேன். இதைவிட நேர்மையாக ஒரு படிவத்தை நிரப்ப முடியாது என்று நினைத்து, சமர்ப்பித்துவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

இன்று வகுப்பில் ஆசிரியர் ஆறு கற்பனைக் கடிதங்களைக் கொடுத்து, எங்களைத் தேர்வுக் குழுவாக உட்காரச் சொன்னார். ஆறு பேரில் இரண்டு பேரை நேர்காணலுக்கு அழைக்க வேண்டும். எங்கள் மேசையில் ஒரு மயக்க மருந்து டாக்டர் இருந்தார். தலை நரைத்தவர், உண்மையான தேர்வுக் குழுவிலேயே நான்கு வருடம் உட்கார்ந்தவர். எல்லோரும் அவரை அண்ணா என்போம். நாங்கள் முதல் கடிதத்தின் முதல் பத்தியில் இருக்கும்போதே அவர் ஒரு கடிதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

"படிக்கலையா அண்ணா?" என்றேன்.

"மேல் மூன்றில் ஒரு பங்குன்னு போட்டிருக்கு. பாவம், யாரோ கை கழுவிட்டாங்க. படிச்சா இன்னும் பாவமா இருக்கும்."

"மேல்தானே? நல்லதுதானே?"

"ஏம்மா, பிடிச்ச பசங்களுக்கு எல்லாரும் மேல் அஞ்சுதான் போடுவாங்க. கொஞ்சம் மனசாட்சி உறுத்தினா மேல் பத்து. மூன்றில் ஒண்ணுன்னா 'எனக்கு இந்த ஆளைப் பிடிக்கலை, சொல்லத்தான் கூச்சமா இருக்கு'ன்னு அர்த்தம்."

"அந்த டாக்டர் மொத்தமே மூணு பேரைத்தான் பார்த்திருந்தா?"

அவர் சிரித்தார். "அப்படி ஒருத்தர் இருந்தா, முதல்ல அவரைக் கடிதம் எழுத விடக் கூடாது."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "எங்க ஹோட்டல்ல ஒரு கெஸ்ட் நாலு நட்சத்திரம் போட்டா எங்க மேனேஜர் சாப்பிட மாட்டாரு, தெரியுமா? 'நாலா? என்ன தப்பு நடந்துச்சு?'ன்னு சிசிடிவி எல்லாம் பார்ப்பாரு. நீ அந்தப் பொண்ணுக்கு நாலு கூட இல்லடீ, மூணு போட்டிருக்க."

அத்தான் தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "இவ நம்ம கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதினப்பவே நான் சொன்னேன். 'போதுமான மகிழ்ச்சியோடு வாழ்க'ன்னு எழுதினவ இவ."

அது உண்மைதான். அப்போது எனக்கு அது பொருத்தமாகவே பட்டது.

நாளை: பயிற்சித் திட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து, படிவத்தைத் திருத்த வழி உண்டா என்று கேட்க வேண்டும். தராசிடம் அதற்குப் பிறகு பேச வேண்டும். முன்னால் அல்ல.

11, புதன்

அலுவலகத்தில் போனை எடுத்தவர் பொறுமையானவர். பின்னால் வேறு இரண்டு போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன.

"சமர்ப்பிச்சாச்சுன்னா பூட்டிக்கும் மேடம். உங்க பக்கத்துல இருந்து தொட முடியாது, எங்க பக்கத்துல இருந்தும் முடியாது. விண்ணப்பிச்சவங்க அவங்க கணக்குல போய் 'பரிந்துரையைத் திரும்பக் கேள்'னு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்திக் காரணம் எழுதணும். நாங்க ஒத்துக்கிட்டா உங்களுக்குப் புது லிங்க் வரும்."

"என்ன காரணம் எழுதச் சொல்லட்டும்?"

"உள்ளதை. பரிந்துரைத்தவர் படிவத்தைத் தப்பா நிரப்பிட்டார்னு எழுதச் சொல்லுங்க. வருஷத்துக்கு நாலஞ்சு பேர் வருவாங்க. போன வருஷம் ஒரு பேராசிரியர் தன்னையே பரிந்துரைச்சுட்டாரு." பின்னால் அடித்த ஒரு போனை எடுத்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு மேடம். திறந்த உடனே பழசு அழிஞ்சிடும். அடுத்த செவ்வாய் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாம் மூடிடும். அதுக்குள்ள புதுசு வரலைன்னா விண்ணப்பம் ரெண்டு கடிதத்தோட நிக்கும். ரெண்டு இருந்தா முழுமை இல்லை. குழு கண்ணுக்கே போகாது."

இன்னொன்றும் கேட்டேன். ஒரு நிபுணர் மூன்று பேரை மட்டுமே பார்த்திருந்தால் என்ன செய்வது? அதற்கென்றே படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு தேர்வு இருக்கிறதாம். தனிநபர் கடிதம், அல்லது துறைக் கடிதம். துறைக் கடிதம் என்றால் அந்தத் துறையில் ஐந்து வருடங்களில் இருந்த எல்லா இளநிலை டாக்டர்களோடும் ஒப்பிடலாம். துறைத் தலைவரும், நேரடியாகப் பார்த்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். 'தனிநபர்' என்பது முன்பே தேர்வாகி இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

மதியம் வார்டின் மருந்து அறையில் தராசிடம் சொன்னேன். வார்டின் மூத்த நர்ஸான சிஸ்டர் அங்கே ஊசிகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். அவரை வெளியே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போகவும் மாட்டார்.

"உன் கடிதத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். கடிதத்துல இல்ல, படிவத்துல."

தராசு கையிலிருந்த மருந்துச் சீட்டை மேசைமேல் வைத்தாள். "என்ன தப்பு மேடம்?"

"சொல்லக் கூடாது. கடிதத்தைப் பார்க்கிற உரிமை வேண்டாம்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்க."

"பார்க்கத்தானே உரிமை இல்லை? கேட்கறதுக்குமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லதா எழுதினீங்களா, கெட்டதா எழுதினீங்களா? அதையாவது சொல்லுங்க."

"நல்லதைத்தான் எழுதினேன். அதைக் கொண்டுபோய் வச்ச இடம் சரியில்லை."

சிஸ்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, "டாக்டரம்மா, நீங்க எந்த மொழியில பேசறீங்க?" என்றார்.

நான் பட்டனைப் பற்றிச் சொன்னேன். அழுத்தினால் பழையது அழியும், செவ்வாய்க்குள் புதியது வராவிட்டால் விண்ணப்பமே குழுவுக்குப் போகாது என்பதையும் சொன்னேன். துறைத் தலைவர் ஒத்துக்கொள்ள வேண்டும், அவரிடம் இன்னும் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். மறைக்காமல் சொன்னது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை.

"அழுத்தலைன்னா?"

"இப்ப இருக்கறதே போகும்."

"அது போதாதா?"

ஏற்கெனவே மூடியிருந்த மருந்து அலமாரியை நான் மறுபடி மூடினேன். அதுவே பதிலாகிவிட்டது.

தராசு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன வருடமும் விண்ணப்பித்தாளாம், நேர்காணலுக்கே கூப்பிடவில்லையாம். இது எனக்குத் தெரியாது. "இந்த வருஷமும் இல்லைன்னா சித்தப்பா ஆபீஸ்ல சேரணும் மேடம். இன்ஷூரன்ஸ். ஆஸ்பத்திரி பில்லைப் படிச்சு இதுக்குக் காசு தரலாம், தர வேண்டாம்னு டிக் போடற வேலை. அப்பா அவருக்கு வாக்குக் கொடுத்துட்டாரு. இன்னொரு வருஷம் காத்திருக்கேன்னு சொன்னா வீட்டுல யாரும் கேட்க மாட்டாங்க."

"பேப்பரையும் எடை போட்டுப் பார்ப்பியா?" என்றார் சிஸ்டர்.

தராசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "உங்களுக்கு நிச்சயமா மேடம்?"

இல்லை என்பதுதான் உண்மை. எனக்கு எதிலுமே நிச்சயம் இருந்ததில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: அந்த டிக் இருக்கும்வரை அவளுடைய கடிதத்தை ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

"அழுத்து," என்றேன்.

அவள் அங்கேயே நின்று காரணம் எழுதினாள். 'பரிந்துரைத்தவர் படிவத்தைத் தவறாக நிரப்பியதாகத் தெரிவித்தார்.' அழுத்தினாள். பிறகு மேசைமேல் வைத்த சீட்டை எடுத்துக்கொண்டு, ஐந்தாம் கட்டில் குழந்தையை எடை பார்க்கப் போய்விட்டாள்.

நாளை: துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்.

12, வியாழன்

புது லிங்க் காலையில் வந்துவிட்டது. பழையது அழிந்துவிட்டது. இனித் திரும்ப வழி இல்லை.

துறைத் தலைவரை எல்லோரும் 'பெரியவர்' என்போம். ஆள் உயரம் குறைவு. இந்த வருடம் ஆஸ்பத்திரியின் புதிய கட்டட வேலை முழுவதும் அவர் தலையில் இருப்பதால் வார்டுக்கு அபூர்வமாகத்தான் வருவார். அறையில் சுவர் முழுக்கக் கட்டட வரைபடம். நான் எழுதிவைத்த நான்கு வரிகளையும் சொல்லி முடித்தேன்.

"இதுக்கா இவ்வளவு? மேல ஒரு டிக் போட்டுட்டுப் போம்மா."

"எந்த மேல சார்?"

"மேல் அஞ்சு. எல்லாரும் அதைத்தான் போடறாங்க."

"நான் பார்த்தது மூணு பேர் சார். மூணு பேர்ல மேல் அஞ்சு சதவீதம்னு ஒரு ஆளே இருக்க முடியாது. ஒரு ஆள்ல ஒரு துண்டுதான் வரும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் கணக்கோட நியாயத்துக்காக அந்தப் பொண்ணைப் பலி கொடுக்கற. தெரியுதா?"

"தெரியுது சார். அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன். நீங்க பார்த்தவங்க நிறைய. துறைக் கடிதமா அனுப்பினா ஒப்பிடறதுக்கு ஆள் இருக்கு."

"நான் அந்தப் பொண்ணைச் சரியாப் பார்த்ததே இல்லையே. பார்க்காத ஆளுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். டிக் போடச் சொல்லுவேன், அது வேற. கையெழுத்து வேற."

இரண்டும் எப்படி வேறு என்று கேட்க நினைத்தேன். அதற்குப் பதிலாக "அப்ப வந்து பாருங்க சார்," என்றேன். அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசை நாட்காட்டியைத் திருப்பினார்.

"கட்டட ஆளுங்க பத்து மணிக்கு வருவாங்க. நாளைக்குக் காலையில ரவுண்ட்ஸுக்கு வர்றேன். நான் வர்றேன்னு அவகிட்ட சொல்லாத. சொன்னா அவளைப் பார்க்க முடியாது, அவளோட பயத்தைத்தான் பார்க்க முடியும்."

வகுப்பில் இன்று நான் வாயே திறக்கவில்லை. முடிந்ததும் அண்ணா மாடிப்படியில் கூடவே வந்தார். "செவ்வாய்க்கிழமை கேட்டியே, மூணு பேரை மட்டும் பார்த்த ஆள், அது யாரு?" என்றார். நான்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கட்டம் சரியா இருந்தா கடிதத்தைப் படிப்போம். படிக்கும்போது 'கடின உழைப்பாளி, அன்பானவர்'னு இருந்தா மறுபடி ஓரமாத்தான் போகும். எல்லாக் கடிதத்துலயும் அதுதான் இருக்கும். அவ என்ன பண்ணினாங்கறதை எழுது. குறையையும் எழுது. குறையே இல்லாத கடிதத்தை நான் நம்பினதே இல்லை."

என் பழைய கடிதத்தின் நகல் என்னிடம் இருந்தது. பேருந்தில் எடுத்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே கடின உழைப்பாளி. இரண்டாவது வரியில் அன்பானவர். ஆக, தவறு டிக்கில் மட்டும் இல்லை.

நாளை: ரவுண்ட்ஸ். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

13, வெள்ளி

பெரியவர் சொன்னபடி வந்தார். தராசு அவரைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்றாம் கட்டிலில் நான்கு வயதுப் பையன். சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கி வந்தவன், வீக்கம் இப்போது வடிகிறது. தராசு விவரம் சொல்லத் தொடங்கினாள்.

"எடை?" என்றார் பெரியவர்.

"பதினாலு கிலோ இருநூறு சார்."

"சார்ட்ல பதினாறு இருக்கே."

"அது வீங்கியிருந்தப்ப எடுத்தது சார். தினமும் குறையுது. பழைய எடையை வச்சு மாத்திரை எழுதினா அதிகமாயிடும். அதனால காலையில நானே எடுத்தேன்."

"நர்ஸ் எடுக்க மாட்டாங்களா?"

"எடுத்தாங்க சார். பதினாலு ஐந்நூறு வந்தது. அவன் லாரியை விடலை."

"எந்த லாரி?"

"பொம்மை லாரி சார்," என்றார் சிஸ்டர், கொஞ்சமும் அசராமல். "பிடுங்கினா வார்டே அலறும். இவங்க மட்டும் எப்படி வாங்கினாங்கன்னு கேளுங்க."

"என் டார்ச்சைக் கொடுத்தேன் சார். கட்டில்ல நின்னு கையை நீட்டி வாங்கினான். லாரியை வாங்கி வச்சுட்டு, டார்ச்சோட எடை போட்டு, டார்ச்சைத் தனியா எடை போட்டுக் கழிச்சுட்டேன்."

பெரியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கேள்வி கேட்டார். இந்த மருந்தைக் குறைக்கும்போது திரும்ப வீக்கம் வந்தால் எத்தனை தடவைவரை இதையே கொடுக்கலாம், எப்போது வேறு மருந்துக்கு மாற வேண்டும் என்று.

"முழுசாத் தெரியலை சார். படிச்சுட்டு மத்தியானத்துக்குள்ள சொல்றேன்."

அடுத்த கட்டிலில் நிலைமை மோசமானது. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய குழந்தை. எழுதிக் கொடுத்துவிட்டு நகர வேண்டியதுதான். தராசு நகரவில்லை. குழந்தையின் அம்மாவிடம் மருந்துப் புட்டியைக் கொடுத்து, வீட்டில் எப்படிக் கொடுப்பீர்கள், இப்போது ஊற்றிக் காட்டுங்கள் என்றாள். அந்த அம்மா புட்டியின் மூடி நிறைய ஊற்றினார். சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு. தராசு ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டினாள். மறுபடி ஊற்றச் சொன்னாள். பாதி மருந்து தரையில் கொட்டியது. இன்னொரு தடவை. நான் கடிகாரத்தை இப்போது உண்மையாகவே பார்த்தேன். பெரியவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கட்டட ஆட்களைப் பார்க்கப் போய்விட்டார். இன்னும் ஏழு கட்டில் மீதி இருந்தது.

"போச்சா மேடம்?" என்றாள் தராசு.

"தெரியலை."

"நான் கொஞ்சம் வேகமாப் போயிருக்கணும்."

"ஆமா," என்றேன். "ஆனா அந்த அம்மா மூடியிலதானே ஊத்தினாங்க."

அவள் மதியம் பெரியவர் அறைக்குப் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தாளாம். அவர் வரைபடத்திலிருந்து திரும்பாமலே கேட்டுக்கொண்டாராம்.

நாளை: கடிதத்தைப் புதிதாக எழுத வேண்டும். அவர் கையெழுத்துப் போடுவார் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும். வேறு எப்படியும் எழுத முடியாது.

16, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடிதம்தான். நாட்குறிப்பு எழுத நேரம் இல்லை, விட்டுப்போனதற்கு வருந்துகிறேன். கடின உழைப்பாளியை எடுத்துவிட்டேன். அன்பானவரை எடுத்துவிட்டேன். லாரியை எழுதினேன், மருந்துப் புட்டியின் மூடியை எழுதினேன். தெரியாது என்று சொன்னதையும், மதியத்துக்குள் வந்து பதில் சொன்னதையும் எழுதினேன். குறை என்ற பத்தியில் மெதுவாக வேலை செய்கிறாள், ரவுண்ட்ஸ் நீள்கிறது, குறிப்புகளை எழுதி முடிக்கப் பணி நேரம் தாண்டுகிறது என்று எழுதினேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"இந்தப் பொண்ணு எங்க ஹோட்டலுக்கு வந்தா நான் அஞ்சு போடுவேன். ரூம் கிளீன் பண்ண விட மாட்டேன், லேட்டாகும்," என்றாள்.

இன்று காலை வார்டுக்குப் போனதும் சிஸ்டர் என்னை ஓரமாக இழுத்தார். "நேத்து ஞாயித்துக்கிழமை பெரியவர் வந்தாரு. தனியா. தராசு டியூட்டில இல்லை. என்கிட்ட ஒரு மணி நேரம் அந்தப் பொண்ணைப் பத்தியே கேட்டாரு. அப்புறம் நைட் டியூட்டி டாக்டரை எழுப்பிக் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரொம்ப மெதுவுன்னு சொன்னேன். உண்மைதானே? ஆனா அவ டியூட்டில இருந்தா நான் மருந்தை ரெண்டாவது தடவை சரி பார்க்க மாட்டேன்னும் சொன்னேன். அது தப்பு, பார்க்கணும்னு திட்டினாரு. திட்டு வாங்கினது நான்."

பெரியவர் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். குறைப் பத்தி வந்ததும் உட்கார்ந்தார்.

"மெதுவுன்னு எழுதியிருக்க."

"ஆமா சார். எடுத்துடவா?"

"எடுக்காத. ஏன் மெதுவுன்னும் ஒரு வரி போடு. அந்த அம்மா மூணாவது தடவை சரியா ஊத்தினாங்களாமே? அதைப் போடு." என்னிடமே பேனாவை வாங்கிப் படிவத்தின் நகலில் இரண்டாவது கட்டத்தைச் சுற்றிக் காட்டினார். மேல் பத்து சதவீதம்.

நான் தயங்கினேன். "முதல் கட்டம் இல்லையா சார்?"

"ஓகோ. மூணு பேரை வச்சுக்கிட்டு முதல் கட்டம் போட மாட்டேன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தது யாரு? இப்ப பேரம் பேசறியா?" அவர் குரலில் கோபம் இல்லை. "அஞ்சு வருஷத்துல இங்க நாப்பத்திரெண்டு பேர் வந்து போயிருக்காங்க. அதுல ரெண்டு பேர் இவளைவிட மேல. ரெண்டு பேரையும் எனக்கு நல்லாத் தெரியும். இவ மூணாவது."

நாற்பத்திரண்டில் மூன்று. மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்.

"சரியா வருதா?" என்றார் பெரியவர்.

"ஏழு சொச்சம் சார். சரியா வருது."

"அப்பாடா. எனக்கு இப்பதான் நிம்மதி." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அந்த வாக்கியத்தையும் கடிதத்துலயே எழுது. நாப்பத்திரெண்டு பேர்ல மூணாவதுன்னு. சும்மா கட்டத்துல டிக் போட்டா எல்லாரும் போடற டிக்தான். எண்ணிக்கையைச் சொன்னா நின்னு படிப்பான்."

துறைப் பெயர் அச்சிட்ட கடிதத்தாளும் முத்திரையும் அவருடைய செயலாளரிடம் இருக்கின்றன. செயலாளர் இன்று விடுப்பு. அலமாரிச் சாவியும் அவரோடு விடுப்பில் போய்விட்டது. அதனால் கையெழுத்து நாளை காலை. எனக்கு இன்றைக்கே முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் வெறும் தாளில் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

மாலையில் தராசு படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை சரியான இடத்துல வச்சீங்களா மேடம்?"

"சொல்லக் கூடாது."

"தலையாவது ஆட்டலாமே."

"தலையும் ஆட்டக் கூடாது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். "சரி," என்றாள். "நேர்காணலுக்குக் கூப்பிட்டா என்ன கேட்பாங்க?"

"நீ ஏன் மெதுவுன்னு கேட்பாங்க," என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. இது இன்றைய தவறு.

அவள், "அதுக்குப் பதில் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவளுக்கு இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. இடம் ஆறுதான், விண்ணப்பம் எத்தனை என்று அலுவலகம் சொல்லாது. ஆனால் இந்தத் தடவை யாரோ ஒருவர் அந்தக் கடிதத்தைக் கடைசி வரிவரை படிப்பார். அதுவரைதான் என் வேலை, அதை முடித்துவிட வேண்டும்.

நாளை: ஏழரைக்குச் செயலாளர் வருவார், கடிதத்தாள் வாங்கி அச்செடுக்க வேண்டும். பெரியவர் கையெழுத்து, என் கையெழுத்து, முத்திரை. ஸ்கேன் செய்து, பக்கம் இரண்டும் நேராக இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் 'துறைக் கடிதம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிக் போடும்போது சிஸ்டரைப் பக்கத்தில் நிற்கச் சொல்ல வேண்டும். மதியத்துக்குள் அனுப்பிவிட்டு, அலுவலகத்துக்குப் போன் செய்து வந்துசேர்ந்ததா என்று கேட்க வேண்டும்.